காரியம் முடிந்தபின் எழுதும் கடிதம்

அரசாங்க அலுவலகம் ஒன்றுக்கு நாம் கடிதம் எழுதுவது எப்போது? குறை ஒன்று நேர்ந்தபோது எழுதுகிறோம். பதில் வரத் தாமதமானால் நினைவூட்டி எழுதுகிறோம். அதற்கும் பதில் இல்லையெனில் மேலதிகாரிக்கு எழுதுகிறோம். ஆனால், கேட்டது கிடைத்துவிட்ட அன்றே எழுதுகோலை வைத்துவிடுகிறோம். கடிதக் கட்டும் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. சில மாதங்களில் அது எங்கே போயிற்று என்பதும் மறந்துபோகிறது. காரியம் முடிந்தபின் எழுதவேண்டிய கடிதம் ஒன்று உண்டு என்பதையும், அதை எழுதாமல் விட்டால் முடிந்த காரியமே மீண்டும் எழுந்து வரக்கூடும் என்பதையும் கல்முனைக் கரையோரக் குடும்பம் ஒன்றின் அனுபவத்தால் நாம் அறிந்துகொண்டோம். அதனை வாசகர்களுக்கு, சிறப்பாக மாணவர்களுக்கு, எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரியநீலாவணையிலிருந்து நிந்தவூர் வரை கடலோரமாக ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் பகுதி எங்களுடையது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் புகுந்தபோது இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடற்கரையை அண்டிய வளவுகளில் வீடு இருந்ததற்கு அடையாளமாகக் கிணற்றுக் கட்டு மாத்திரம் எஞ்சியிருந்த காட்சியை இப்பகுதியார் எவரும் மறக்கமாட்டார்கள்.

அப்படி வீட்டை இழந்தவர்களுள் ஒருவர், நம்மிடம் கற்ற மாணவன் ஒருவனின் உம்மம்மா. கணவர் கடற்றொழிலாளி, சுனாமிக்கு முன்னரே காலமானவர். அம்மையார் மகளுடன் உள்ளூரில் வேறு வளவொன்றிற்குக் குடிபெயர்ந்தார். பழைய காணி வெறுமையாகவே கிடந்தது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், உள்ளூராட்சி மன்றம் ஒன்றிலிருந்து அவருக்கு அறிவித்தல் வந்தது. 2005 முதல் 2017 வரையான பதின்மூன்று ஆண்டுகளுக்குச் சோலைவரி நிலுவை என்றும், காலாண்டுக்கு 360 ரூபா வீதம் மொத்தம் 18,720 ரூபா என்றும், வாரண்டுச் செலவு 1,872 ரூபா என்றும், ஆக 20,592 ரூபாவைச் செலுத்தத் தவறினால் அசையும் பொருள்கள் கைப்பற்றப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. கடல் கொண்டுபோன வீடு மன்றத்தின் வரிமதிப்புப் பதிவேட்டில் மாத்திரம் இடிபடாமல் நின்றுகொண்டிருந்தது!

பேரன் அந்த அறிவித்தலைக் கொண்டுவந்து, “சேர், இல்லாத வீட்டுக்கு எப்படி வரி கேட்கிறார்கள்?” என்று கேட்டான். இதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. வீடு அழிந்ததை மன்றத்துக்கு எவரும் எழுத்தில் அறிவிக்கவில்லை. அறிவிக்காதவரை பதிவேடு தானாக மாறாது. ஆகவே ஏப்ரல் மாதத்தில் அம்மையார் பெயரால் விண்ணப்பம் ஒன்று எழுதப்பட்டது. கிராம உத்தியோகத்தரின் உறுதிக்கடிதம், பிரதேச செயலகத்தில் இருந்த 2005ஆம் ஆண்டுச் சேதப் பட்டியலின் பிரதி, 2004ஆம் ஆண்டு வரி கட்டிய பற்றுச்சீட்டு ஆகிய மூன்றும் அதனுடன் இணைக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரிமதிப்புப் பதிவேட்டின் உரிய பக்கத்தின் பிரதியும் கேட்டுப் பெறப்பட்டது. ஜூலை மாதத்தில் வருமானப் பரிசோதகர் நேரில் வந்து வெறுங்காணியைப் பார்த்துக் குறிப்பெழுதினார். செப்டெம்பரில் மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஒக்டோபர் 4ஆம் திகதியிட்ட கடிதம் அம்மையார் கைக்குக் கிடைத்தது. கட்டடத்திற்கான நிலுவை 18,720 ரூபா நீக்கப்பட்டதாகவும், 2018 முதல் அவ்விடம் வெறுங்காணியாக மதிக்கப்பட்டுக் காலாண்டுக்கு 60 ரூபா வரி விதிக்கப்படுவதாகவும் அக்கடிதம் கூறிற்று.

வீட்டில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. அன்று மாலையே பேரன் நன்றிக் கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டு நம்மிடம் வந்துவிட்டான். “எமது பிரச்சினைகள் யாவும் தீர்ந்துவிட்டன. இனி எமக்கு எவ்விதக் கோரிக்கையும் இல்லை. தங்களுக்கு என்றும் கடமைப்பட்டுள்ளோம்” என்று அழகான தமிழில் எழுதியிருந்தான். எழுத்திலே குறையில்லை, ஆனால், அக்கடிதம் அன்று போயிருந்தால் அதுவே அம்மையாருக்கு எதிரான சாட்சியாக ஆகியிருக்கும்.

ஏனெனில், மன்றத்தின் கடிதத்தை அறிவித்தலுடன் பக்கத்திற் பக்கமாக வைத்து வரிவரியாக ஒப்பிட்டபோது ஒன்று தெரிந்தது. அறிவித்தலில் கேட்கப்பட்ட தொகைகள் இரண்டு. கடிதத்தில் நீக்கப்பட்ட தொகை ஒன்று. வாரண்டுச் செலவு 1,872 ரூபாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. மறுநாள் பேரனை அலுவலகத்துக்கு அனுப்பி விசாரித்ததில், நிலுவை ஒரு பதிவேட்டிலும் வாரண்டுச் செலவு வேறொரு பதிவேட்டிலும் எழுதப்படுகின்றன என்பதும், முதலாவதில் தொகை நீக்கப்பட்டிருக்க இரண்டாவதில் அப்படியே நிற்கிறது என்பதும் தெரியவந்தன. எவருடைய வஞ்சகமும் அன்று. தீர்மானத்தை எழுதியவர் ஒரு பதிவேட்டையே பார்த்திருக்கிறார். “யாவும் தீர்ந்துவிட்டன” என்று நாம் எழுதிக் கொடுத்தபின், அந்தத் தொகை தீரவில்லை என்று எந்த முகத்தோடு கேட்பது?

ஆகவே, நன்றிக் கடிதத்தை நிறுத்திவைத்து, நான்கே வரியில் வேறொரு கடிதம் எழுதினோம். தீர்மானத்துக்கு நன்றி சொல்லி, அதே அறிவித்தலில் கண்ட வாரண்டுச் செலவும் நீங்கியதா என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டோம். ஒக்டோபர் 25ஆம் திகதி அச்செலவும் நீக்கப்பட்டதாகப் பதில் வந்தது. அதன்பின் 2018ஆம் ஆண்டுக்குரிய 240 ரூபாவைக் கட்டிப் பற்றுச்சீட்டுப் பெற்று, கணக்கில் மீதி எதுவும் இல்லை என்று காட்டும் கணக்குப் பிரதியையும் வாங்கிக்கொண்டபின்னரே முடிவுக் கடிதத்துக்கு நேரம் வந்தது.

இவ்விடத்தில் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ‘தீர்மானித்துவிட்டோம்’ என்று அலுவலகம் எழுதுவது வேறு. தீர்மானித்தபடி பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பது வேறு. முன்னது வாக்கு, பின்னது செயல். விடயத்தை மூடும் கடிதம் செயலைக் கண்டபின் எழுதப்படவேண்டியது. வரியாயின் கணக்குப் பிரதியையும், பெயர்த் திருத்தமாயின் திருத்திய பத்திரத்தையும், பணமாயின் வங்கிக் கணக்கில் தொகை ஏறியதையும் கண்ணாற் கண்டபின் எழுதவேண்டும். அதுவரை நன்றி சொல்லலாம்; முடிந்தது என்று மாத்திரம் சொல்லலாகாது.

அம்மையாருக்கோ வேறொரு கவலை. வெயிலில் வந்து காணியைப் பார்த்துப்போன வருமானப் பரிசோதகருக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரம் இரண்டு வாங்கிக் கொடுக்கவேண்டும் என்பது அவர் ஆசை. “வெறுங்கையோட போய் என்னெண்டு நன்றி சொல்லுற, மாஸ்டர்?” என்று கேட்டார். அந்த மனத்தை நாம் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும், அரசாங்க ஊழியர் ஒருவர் தம் கடமைக்காகப் பொதுமகனிடம் பொருள் பெறுவது நமது நாட்டுச் சட்டப்படி குற்றம். காரியத்துக்கு முன்னர் கொடுத்தாலென்ன, பின்னர் கொடுத்தாலென்ன, கொடுத்தவரும் வாங்கியவரும் சிக்கலுக்குள்ளாக நேரும். முன்பு 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் இதனைக் கூறியது; இப்போது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கெதிரான சட்டம் அதன் இடத்தில் இருக்கிறது. நல்ல உத்தியோகத்தருக்குச் சாரத்தைவிடப் பெரிய கைம்மாறு ஒன்று உண்டு. அவர் செய்ததை அவருடைய மேலதிகாரி அறியுமாறு எழுத்தில் சொல்வதே அது. அக்கடிதம் அலுவலகக் கோவையிற் சேரும். அவர் இடமாறிப் போனாலும் அங்கேயே இருக்கும். இதைக் கேட்டதும் அம்மையார், “அப்ப அவர் வந்து பார்த்ததையும் மறக்காம எழுதிடுங்க” என்றார். எழுதினோம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி சேர்ப்பிக்கப்பட்ட அந்தக் கடிதத்தின் வாசகத்தைப் பெயர்களையும் இலக்கங்களையும் நீக்கிக் கீழே தருகிறோம்.

“செயலாளர் அவர்கட்கு,

வரிமதிப்பு இலக்கம் ……. எமது விண்ணப்பத் திகதி ……. தங்கள் கோவை இலக்கம் ……

ஐயா,

மேற்குறித்த இலக்கத்துக்குரிய சோலைவரி நிலுவை தொடர்பாக நான் செய்த விண்ணப்பத்தின்மீது, மன்றத்தின் …… ஆம் இலக்கத் தீர்மானப்படி நிலுவை 18,720 ரூபா நீக்கப்பட்டதைத் தங்கள் 04.10.2018 திகதிய கடிதத்தாலும், வாரண்டுச் செலவு 1,872 ரூபா நீக்கப்பட்டதைத் தங்கள் 25.10.2018 திகதிய கடிதத்தாலும் அறிந்தேன். 2018ஆம் ஆண்டுக்குரிய 240 ரூபாவைச் செலுத்தியுள்ளேன். பற்றுச்சீட்டின் பிரதியும், மீதி எதுவும் இல்லை எனக் காட்டும் கணக்குப் பிரதியும் இத்துடன் உள்ளன.

ஆகவே, 2005 முதல் 2017 வரையான நிலுவை பற்றிய இவ்விடயம் முடிவுற்றதாகக் கொள்கிறேன். இக்கடிதம் அவ்விடயத்துக்கு மாத்திரமே உரியது.

இதனை விசாரித்துத் தீர்த்துவைத்த தங்களுக்கும், நேரில் வந்து காணியைப் பார்வையிட்டு அறிக்கை தந்த வருமானப் பரிசோதகருக்கும் என் நன்றி உரியது. இக்கடிதத்தை உரிய கோவையிற் சேர்த்து, கிடைத்ததற்கு அடையாளமாக இணைப்பிரதியில் திகதி முத்திரை இட்டுத் தருமாறு வேண்டுகிறேன்.”

கடிதம் அவ்வளவே. இதிலே நன்றி இருக்கிறது. ஆனால், அது கடைசியில் இரண்டொரு வரிகளில் நிற்கிறது. முதலிடம் இலக்கங்களுக்கும் திகதிகளுக்கும் தொகைகளுக்கும் உரியது. ஏனெனில், நன்றியைப் படிப்பவர் இன்று அந்த நாற்காலியில் இருப்பவர். இலக்கங்களைப் படிக்கப்போகிறவரோ பல ஆண்டுகளின் பின் அங்கே இருக்கப்போகும், நம்மை ஒருபோதும் கண்டிராத ஒருவர். அவருக்கு நமது கதை தெரியாது. கோவையைத் தேடி எடுக்க இலக்கம் வேண்டும். நம்புவதற்குத் தீர்மானமும் திகதியும் வேண்டும்.

“அவ்விடயத்துக்கு மாத்திரமே உரியது” என்ற வாக்கியத்தைச் சிலர் மரியாதைக் குறைவாக எண்ணக்கூடும். அப்படியன்று. எதை மூடுகிறோம் என்பதற்கு எல்லை குறிப்பதே அதன் வேலை. அந்தக் காணிக்கு நாளை வேறொரு பிரச்சினை வரலாம். வடிகால் வரலாம், வீதி அகலிக்கப்படலாம். “இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை” என்று அகலமாக எழுதியவர், தம்மை அறியாமலே வேறு கதவுகளையும் சாத்திக்கொள்கிறார். நன்றி தாராளமாக இருக்கலாம்; முடிவு மாத்திரம் அளவாக இருக்கவேண்டும்.

காரியம் முடிந்ததை எழுத்தில் நிலைநாட்டவேண்டும் என்பது புதிய யோசனையன்று. பண்டைப் பாபிலோனியர் கடனைக் களிமண் பலகையில் எழுதி, கடன் தீர்ந்தபோது அப்பலகையை உடைத்தார்கள். ‘பலகையை உடைத்தல்’ என்றாலே கடனைத் தீர்த்தல் என்று அவர்களுடைய வழக்கில் பொருள். நமது நாட்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 349ஆம் பிரிவும் இதே கருத்துடையது. நீதிமன்றத் தீர்ப்பின்படி கொடுக்கவேண்டிய பணத்தை ஒருவர் நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்துவிட்டால், அது நீதிமன்றத்தில் அத்தாட்சிப்படுத்தப்படவேண்டும். படாவிட்டால் தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்றம் அக்கொடுப்பனவை ஏற்றுக்கொள்ளாது. பணம் உண்மையாகவே கைமாறியிருக்கலாம். ஆனால், பதிவில் இல்லாத கொடுப்பனவு கொடுக்கப்படாததற்குச் சமம். வரிப் பிணக்குக்கு அப்பிரிவு பொருந்தாது என்றாலும், அதன் உட்கருத்து எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும்.

இனி, கடிதத்தை எப்படிச் சேர்ப்பிப்பது என்று பார்ப்போம். இரண்டு பிரதிகளுடன் நேரிற் கொண்டுசென்று, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் பெற்றவரின் ஒப்பமும் வாங்குவது சிறந்தது. அது இயலாவிடில் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் அலுவலகம் தரும் சீட்டைக் கடிதப் பிரதியின் முதுகில் ஒட்டிவைக்கலாம். இக்காலத்தில் பற்றுச்சீட்டுகள் பெரும்பாலும் சூட்டினால் எழுத்துப் பதியும் மெல்லிய தாளில் வருகின்றன. எங்கள் கரையோர வெப்பத்தில் இரண்டொரு வருடங்களுக்குள் எழுத்து மங்கி, வெறுந்தாளே மிஞ்சும். ஆகவே, வாங்கிய அன்றே அதற்கு நிழற்பிரதி எடுத்து இரண்டையும் சேர்த்து வைக்கவேண்டும்.

அம்மையாரின் வீட்டுக் கோவையில் இருப்பவை அதிகமில்லை. அறிவித்தல், விண்ணப்பம், அதன் இணைப்புகள், பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி, மன்றத்தின் இரு கடிதங்கள், இடையில் நாம் எழுதிய நான்கு வரிக் கடிதம், பற்றுச்சீட்டு, கணக்குப் பிரதி, முத்திரையிட்ட முடிவுக் கடிதம் ஆகியவை திகதி வரிசையில் உள்ளன. அவற்றின் மேலே ஒற்றைத் தாளில், எந்தத் திகதியில் யாரிடம் என்ன நடந்தது என்று பேரன் தன் கையால் எழுதிய அட்டவணை இருக்கிறது. அலுவலகத்தில் வாய்ச்சொல்லாகக் கேட்டவையும் அவ்வட்டவணையில் உண்டு. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் காலாண்டுக்கு 60 ரூபா என்று புதிய வரிச்சீட்டு வந்தபோது அதையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்டு வரி முழுவதையும் ஜனவரி 31க்குள் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. ஆகையால் 240 ரூபாவுக்குப் பதிலாக 216 ரூபா கட்டிய பற்றுச்சீட்டும் அங்கே இருக்கிறது. முடிவு சரியாகப் பதியப்பட்டது என்பதற்கு அடுத்த ஆண்டின் சீட்டைவிட உறுதியான சாட்சி வேறென்ன?

மூலத்தையும் பிரதியையும் பிரித்து வைக்கும் விவேகத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்திலே, சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர் அடிமை ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படி ஓலையே என்றும், மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் முதியவர் கூறி, அதைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிற் காட்டி வழக்கை வெல்கிறார். அவ்வோலையின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சுந்தரருடைய பாட்டனாரின் வேறோர் ஓலையும் காப்பிடத்திலிருந்து எடுக்கப்படுகிறது. பக்திச் சுவைக்காகப் படிக்கும் கதைதான். ஆயினும், அலுவலகத்துக்குப் போகிறவர் கையில் எடுத்துச்செல்லவேண்டியது பிரதி, வீட்டில் வைத்திருக்கவேண்டியது மூலம் என்ற பாடமும் அதில் இருக்கிறதன்றோ?

மூலத்தை எந்த வீட்டில் வைப்பது என்பது எங்கள் பகுதியில் தனிக் கேள்வி. சுனாமியன்று வீடுகளோடு உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் வங்கிப் புத்தகங்களும் கடலோடு போயின. தாம் யார் என்பதைக் காட்டவும் தாளின்றிப் பலர் பல மாதங்கள் அலைந்தனர். அதனால் இக்குடும்பத்தார் மூலங்களைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, ஒரு தொகுதிப் பிரதியைக் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிய சம்மாந்துறையில் உறவினர் வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படங்களும் உண்டு. ஆனால், தொலைபேசி பழுதாகும், மாற்றப்படும். அதை மூன்றாவது காவலாகக் கொள்ளலாமேயன்றி முதற் காவலாகக் கொள்ளலாகாது.

அலுவலகத்தில்தான் கோவை இருக்கிறதே, வீட்டிலும் ஏன் என்று கேட்கலாம். தகவலறியும் உரிமைச் சட்டம் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் 7ஆம் பிரிவின்படி, அதன்பின் உருவாகும் பதிவேடுகளைப் பொது அதிகாரசபைகள் குறைந்தது பன்னிரண்டு ஆண்டுகளும், அன்று இருந்த பழைய பதிவேடுகளை அத்திகதியிலிருந்து குறைந்தது பத்து ஆண்டுகளும் காக்கவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், அம்மையாரிடம் கேட்கப்பட்ட நிலுவை எத்தனை ஆண்டுக்கு உரியது? பதின்மூன்று ஆண்டுக்கு! அலுவலகம் காக்கக் கடமைப்பட்ட காலத்தைவிட, அது நம்மிடம் கேள்வி கேட்கக்கூடிய காலம் நீளமாக இருக்கலாம். ஆகவே வீட்டுக் கோவை அலுவலகக் கோவையைவிட நீண்ட ஆயுள் உடையதாக இருக்கவேண்டும். நிலம், வரி, ஓய்வூதியம், பெயர் ஆகியவை பற்றிய தாள்களை ஒருபோதும் எறியாமல் இருப்பதே நல்லது.

இவ்வளவும் மிகையான எச்சரிக்கை என்று எண்ணுவோருக்குப் பின் நடந்ததைச் சொல்கிறோம். 2021ஆம் ஆண்டில் பழைய பதிவேடுகள் கணினிக்கு மாற்றப்பட்டபோது, அதே 20,592 ரூபாவைக் கேட்டு அதே அம்மையாருக்கு மீண்டும் நினைவூட்டல் வந்தது! நீக்கத்துக்கு முந்திய பதிவு கணினியில் ஏறியிருந்தது போலும். முன்னைய செயலாளரும் வருமானப் பரிசோதகரும் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்கள். பேரன் முத்திரையிட்ட முடிவுக் கடிதத்தின் பிரதியைப் புதிய எழுதுவினைஞரிடம் நீட்டினான். அவர் அதிலிருந்த கோவை இலக்கத்தைக் கொண்டு உள்ளே போய்க் கோவையை எடுத்துவந்தார். அம்மையாரின் கடிதம் அக்கோவையின் கடைசித் தாளாக இருந்தது. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மதியத்துக்கு முன்னரே கணக்குத் திருத்தப்பட்டது.

அடுத்த வளவுக்காரருக்கும் அதே நினைவூட்டல் வந்தது. அவருடைய நிலுவையும் 2018இல் நீக்கப்பட்டதுதான். ஆனால், “உங்கட காரியம் முடிஞ்சு, நீங்க போகலாம்” என்று யாரோ வாயால் சொன்னதோடு அவர் திரும்பிவிட்டார். யார் சொன்னார், எந்தத் திகதியில் என்பது அவருக்கு நினைவில்லை. தீர்மானத்தின் பிரதியைக் கேட்டுத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் புதிதாக விண்ணப்பித்தார். விண்ணப்பம் பற்றி முடிவு சொல்லத் தகவல் உத்தியோகத்தருக்குப் பதினான்கு வேலை நாள்கள் உண்டு. தகவலைத் திரட்டுவது கடினமாயின் மேலும் இருபத்தொரு நாள்கள் வரை நீடிக்கலாம். அவருக்குப் பிரதி கிடைத்தது, வழக்கும் தீர்ந்தது. ஆனால், ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்கவேண்டிய வேலைக்கு ஏறக்குறைய இரண்டு மாதங்கள் போயின. இடையில் வாரண்டு வருமோ என்ற அச்சம் வேறு. இருவருக்கும் கிடைத்த நீதி ஒன்றே. ஒருவர் அதை எழுதி வைத்தார், மற்றவர் கேட்டுக்கொண்டு போனார்.

இக்கடிதத்தால் ஆகாதவற்றையும் சொல்லிவிடவேண்டும். இது மன்றத்தைக் கட்டிப்போடும் ஒப்பந்தமன்று. அடுத்த மதிப்பீட்டில் அக்காணிக்கு வரியை உயர்த்த மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்போது மதிப்பீட்டு அறிவித்தலில் குறித்த காலத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கவேண்டும். வரிப் பதிவேட்டில் பெயர் இருப்பதோ, வரி கட்டிய சீட்டுக் கையில் இருப்பதோ காணி உரிமையை நிலைநாட்டிவிடாது. அதற்கு உறுதி வேண்டும். மேலும், அலுவலகத்தின் முடிவு அரைகுறையானதாயின் முடிவுக் கடிதம் எழுதவே கூடாது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பிரித்தெழுதி, கிடைத்ததற்கு நன்றி சொல்லி, மீதியைத் திறந்தே வைத்திருக்கவேண்டும்.

அண்மையில் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். அன்றைய மாணவன் இன்று உத்தியோகம் பார்க்கிறான். அம்மையார் தேநீர் தந்துவிட்டு, நாம் கேளாமலே உள்ளே சென்று பொலித்தீன் உறைக்குள் சுற்றிய கோவையைக் கொண்டுவந்து காட்டினார். அவருக்கு எழுத வராது. கடிதத்தின் அடியில் இருப்பது அவருடைய பெருவிரல் அடையாளம். ஆனால், எந்தத் தாள் எந்த இடத்தில் இருக்கிறதென்பது அவருக்குத் தெரியும். நீலநிறத் திகதி முத்திரை விழுந்த தாளை விரலால் தொட்டு, “இதுதான் மாஸ்டர் கடைசித் தாள். இதுக்கு மேல ஒண்டும் வைக்க விடமாட்டன்” என்றார்.

வாசகர் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் தீர்ந்துபோன விடயங்கள் எத்தனை கிடக்கின்றனவோ! அவற்றுள் எவற்றுக்குக் கடைசித் தாள் இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துக்கொள்ளலாம். இல்லாதவற்றுக்கு இப்போது எழுதினாலும் காலம் கடந்துவிடவில்லை.